திரையில் இருக்கும், தாளில் இருக்காது: பிரஸ்ஸுக்கு பிடிஎஃப் அனுப்புமுன் பார்க்க வேண்டியவை

திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம் பக்கத்து டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகைக்கு வழக்கமாக நடப்பது இதுதான். கடையில் டிசைன் போடுகிறார்கள். அதை ஜேபிஜி படமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா "ஓகே" என்கிறார். ஃபைல் சிவகாசிக்குப் போகிறது. கட்டுப் பிரித்துப் பார்த்தால் மெரூன் பின்னணி பளபளக்கிறது, முகூர்த்த நேரம் எழுதிய வெள்ளை வரியைக் காணோம். கடைக்காரர் பிரஸ்ஸைத் திட்டுகிறார், பிரஸ்காரர் "உங்க ஃபைல்ல இருந்ததைத்தான் அடிச்சோம்" என்கிறார். பெரும்பாலும் பிரஸ்காரர் சொல்வதே உண்மை.

வரி எப்படிக் காணாமல் போகிறது? மெரூன் பின்னணி சியான் 20, மெஜந்தா 100, மஞ்சள் 90, கறுப்பு 30 என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் முகூர்த்த வரி முதலில் கறுப்பில் இருந்தது. கறுப்பு எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் போட்டிருந்தார்கள். அது சரியான பழக்கம். கீழே உள்ள நிறத்தைத் துளைக்காமல் மேலேயே கறுப்பு ஏறுவதால், பிளேட்டுகள் இம்மியளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியாது. பிறகு வாடிக்கையாளர் "கறுப்பு எடுப்பா இல்ல, வெள்ளையா மாத்துங்க" என்றார். நிறத்தை மாற்றினார்கள், ஓவர்பிரிண்ட் குறி அப்படியே நின்றுவிட்டது. வெள்ளை என்றால் நான்கு மையும் 0. ஓவர்பிரிண்டில் 0 என்றால் "கீழே இருப்பதைத் தொடாதே" என்று பொருள். ஆகவே அந்த வரி எந்தப் பிளேட்டிலும் எதையும் அடிக்காது, எதையும் அழிக்கவும் செய்யாது.

ஓவர்பிரிண்ட்டைக் கணக்கில் எடுக்காத திரை அதே வரியை வெள்ளையாகக் காட்டும். செல்போனும் பிரவுசரும் பொதுவாக இப்படித்தான் காட்டுகின்றன. அந்தத் திரையிலிருந்து எடுத்த ஜேபிஜியில் பிழை தெரிய வழியே இல்லை. தெரியாத பிழைக்குத்தான் சித்தப்பா ஓகே சொன்னார். வாட்ஸ்அப் படத்துக்கு வாங்கிய ஓகே எழுத்துப்பிழைக்கு மட்டுமே செல்லும்.

இதைப் பார்க்கக் காசு செலவில்லை. இலவச அக்ரோபேட் ரீடரில் Ctrl+K அழுத்தி, Page Display பகுதியில் Use Overprint Preview என்பதை Always என்று வையுங்கள். ஒருமுறை வைத்தால் போதும். பிறகு பிடிஎஃபைத் திறந்து ஒவ்வொரு வெள்ளை எழுத்தையும் தேடுங்கள். காணவில்லையா? அச்சிலும் இருக்காது. பிடிஎஃபில் ஒட்டுப்போடாமல் மூல ஃபைலுக்குப் போங்கள். கோரல்டிராவில் எழுத்தின்மேல் வலது கிளிக் செய்து Overprint Fill குறியை எடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் Attributes பெட்டியில் அதே பெயரில் இருக்கும். பயந்துபோய் கறுப்புப் பொடி எழுத்தின் ஓவர்பிரிண்ட்டையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். அது இருக்க வேண்டும்.

தேர்தல் நேரத்தில் நோட்டீஸ் அடிப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 127ஏ பிரிவின்படி, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பெயர்வரியைத்தான் கட்சி நிறப் பட்டையின் அடியில் பொடி வெள்ளை எழுத்தில் வைக்கிறார்கள். அது மறைந்துபோனால் "கம்ப்யூட்டர்ல தெரிஞ்சுது சார்" என்று அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை.

அடுத்து ஸ்பாட் கலர். பத்திரிகையில் தங்க மை என்றால் அது நான்கு நிறத்துக்கு வெளியே ஐந்தாவது பிளேட். அக்ரோபேட் புரோ உள்ள கடையில் Output Preview திறந்தால் Separations பட்டியலில் பிளேட்டுகளின் பெயர்கள் வரிசையாக வரும். நீங்கள் பேசியது ஐந்து பிளேட் என்றால் பட்டியலிலும் ஐந்துதான் இருக்க வேண்டும். பிள்ளையார் படத்தை ஒரு பழைய ஃபைலிலிருந்தும் பார்டரை வேறொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டியிருந்தால், ஒரே தங்கம் Gold என்றும் PANTONE 871 C என்றும் இரண்டு பெயரில் நிற்கும். அப்படியே போனால் ஆறு பிளேட், அதற்குத் தனிக் காசு. Ink Manager-இல் ஒன்றை மற்றதோடு இணைக்கலாம், மூல ஃபைலிலேயே ஒரே பெயராக்குவது இன்னும் நல்லது. தங்க மை வேண்டாம், நான்கு நிறமே போதும் என்றால் முன்கூட்டியே மாற்றிப் பாருங்கள். மினுமினுப்பு போய் பழுப்பு கலந்த மஞ்சள்தான் கிடைக்கும் என்பதை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

ஃபாயில் ஒட்டுவதென்றால் கதை தலைகீழ். ஃபாயில் பகுதியைத் தனி ஸ்பாட் பெயரில் வைத்து, அடியில் உள்ள நிறம் தொடர வேண்டுமானால் ஓவர்பிரிண்ட் போட வேண்டும். போடாவிட்டால் அடியில் வெள்ளை ஓட்டை விழும். ஃபாயில் சற்று நகர்ந்தால் அந்த வெள்ளை எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது, நிழலும் மங்கலும், அதாவது டிரான்ஸ்பரன்சி. பழைய பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ முறையில் டிரான்ஸ்பரன்சி உயிரோடு இருக்க முடியாது. ஏற்றுமதியின்போதே தட்டையாக்கப்படும். பிடிஎஃப்/எக்ஸ்-4 அதை அப்படியே வைத்துக்கொண்டு பிரஸ்ஸின் மென்பொருளிடம் விடும். எது வேண்டும் என்று பிரஸ்ஸைக் கேளுங்கள், ஊகிக்காதீர்கள். தட்டையாக்கும்போது நிழலுக்கு அடியில் மாட்டிய பொடித் தமிழ் எழுத்து படமாக மாறி, புள்ளியும் கொம்பும் தடித்துப்போகும். எழுத்துகளை எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். தங்க ஸ்பாட்டின் மேல் விழும் நிழலைத் தவிர்த்துவிடுங்கள். எங்காவது ஓவர்பிரிண்ட் கவனிக்கப்படாமல் போனால் நிழலைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வரும்.

இனி காகிதம். ஆர்டர் படிவத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: ஃபைலின் பெயர், பிளேட் எண்ணிக்கை, ஸ்பாட் கலர்களின் பெயர், எந்த பிடிஎஃப் முறை. பிளேட் போடுமுன், பிரஸ்ஸின் பிளேட் மென்பொருளிலிருந்து எடுத்த புரூஃப் கேளுங்கள். உங்கள் பிரிண்டரில் எடுத்தது புரூஃப் ஆகாது. அதில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஒரு நகல் வையுங்கள். அனுப்பிய ஃபைலைத் திறந்து மீண்டும் சேவ் செய்யாமல் அப்படியே பாதுகாத்து வையுங்கள். தகராறு வந்தால் பேசப்போவது அதுதான். ஃபைலிலேயே வரி மறைகிறதென்றால் பிழை டிசைன் செய்த இடத்தில். ஃபைலும் கையெழுத்திட்ட புரூஃபும் சரியாக இருந்து அச்சு மாறியிருந்தால் பிரஸ் பதில் சொல்ல வேண்டும்.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரஸ் சிவகாசியில் இருந்தாலும், 2019 சட்டப்படி பத்திரிகை அடித்த குடும்பம் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில் வேண்டும். "பில் வேணாம், குறைச்சுக்குங்க" என்று வாங்கியவர்கள் அங்கே எதைக் காட்டுவார்கள்? டிடிபி கடைக்காரர் புகார் கொடுத்தால், வணிகத்துக்காக வாங்கியது என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்வது என்று அவர் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ஆணையம் இழப்பீடு வாங்கித் தரலாம், முகூர்த்தத் தேதியைத் தள்ளிவைக்காது. ஆகவே மறுபடியும்: Use Overprint Preview, Always. வெள்ளை எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே ஃபைலை அனுப்புங்கள்.