தளம் போடும் நாளில் மழை

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னையை நனைத்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், வேளச்சேரி ஃபைவ் ஃபர்லாங் சாலையில் ஒரு கட்டடத்துக்காகத் தோண்டியிருந்த ஆழமான பள்ளத்தின் ஓரம் சரிந்தது. இரண்டு பேர் உள்ளே சிக்கி இறந்தார்கள். பள்ளம் முழுக்கத் தண்ணீரும் சேறும் நிறைந்திருந்ததால், உடல்களை மீட்கவே நாட்கள் ஆயின.

அது பெரிய வணிகக் கட்டடத்துக்கான பள்ளம். ஆனால் மண்ணைச் சரிக்கும் காரணங்கள் சிறிய வீட்டுக்கும் அதேதான். புறநகரில் அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி மனையில், ஐப்பசி பிறந்த பிறகு அஸ்திவாரம் தோண்டி, கார்த்திகைக்குள் முதல் தளம் போட நினைக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை அந்த வேலையில் மூன்று இடங்களைத் தேடி வரும்: பள்ளம், மணல் குவியல், அன்று போட்ட கான்கிரீட்.

முதலில் பள்ளம். ஈரம் ஏறிய மண் கனம் கூடுகிறது, பிடிப்புக் குறைகிறது. களிமண்ணாக இருந்தால் பள்ளத்தின் விளிம்புக்கு இணையாக, ஓர் அடி, இரண்டடி தள்ளி மேல்தரையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடும். அடுத்த மழைநீர் அந்த வெடிப்புக்குள் இறங்கி, பக்கவாட்டில் மண்ணைத் தள்ளத் தொடங்கும். சரிவதற்கு முன் பெரும்பாலும் அடையாளம் தெரியும்: சுவரிலிருந்து சிறு கட்டிகள் உதிரும், அடிப்பாகம் லேசாக உப்பும், அடியில் நீர் கசியும். இதில் ஒன்றைக் கண்டாலும் முதல் வேலை, உள்ளே இருப்பவர்களை மேலே ஏற்றுவதுதான். வெடிப்பை மண் போட்டு மூடினால் அது கண்ணுக்கு மறையுமே தவிர, சரிவு நிற்காது.

தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் ஓரத்திலேயே கொட்டுவது சின்ன மனைகளில் வழக்கம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3764 சொல்வது வேறு. மண் குவியல் விளிம்பிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர், அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். ஐந்தடி ஆழத்துக்கு மேல் போனால் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சரிவாக வெட்ட வேண்டும். அரை கிரவுண்டில் ஐந்தடி தள்ளிக் கொட்ட இடம் இருக்காது. அப்படியானால், திரும்ப நிரப்பத் தேவையான மண்ணை மட்டும் மனையின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு, மீதியை அன்றே லாரியில் ஏற்றிவிடுவதுதான் வழி. மணல் லாரியும் மிக்சர் மெஷினும் விளிம்பை நெருங்காமல் பார்த்துக்கொள்வதும் இதே கணக்கில்தான் வரும்.

மேல்தரையில் ஓடிவரும் தண்ணீர் உள்ளே இறங்காமல் பள்ளத்தைச் சுற்றி முக்கால் அடி உயரத்துக்கு மண் வரப்புக் கட்டலாம். நேரே விழும் மழைக்கு, ஃபூட்டிங் வராத ஒரு மூலையில் சிறு குழி வெட்டி, அதில் தேங்குவதை மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். இறைக்கும் நீரில் ஒரு கண் இருக்கட்டும். தெளிவாக வந்தால் பரவாயில்லை. கடலோரப் பகுதிகளின் மணல் பூமியில் கலங்கலாக, மணல் கலந்தே வந்துகொண்டிருந்தால், அது பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் அடியிலிருந்தும் வரலாம். உடனே மோட்டாரை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுவது நல்லது.

சுவர் சரிவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அடிமண் ஊறுவது தெரியாது. கெட்டியாக இருந்த களிமண் ஒரு ராத்திரி தண்ணீரில் நின்றால், மேலே சில அங்குலம் சேறாகிவிடும். அதன் மேலேயே பிசிசி போட்டால் பின்னால் தூண் இறங்கும். அனுபவமுள்ள மேஸ்திரிகள் மழைக்காலத்தில் எல்லாக் குழியையும் ஒரே நாளில் முழு ஆழத்துக்குத் தோண்டுவதில்லை. கடைசி அரையடியை விட்டுவைத்து, பிசிசி போடும் நாளில் எத்தனை குழியை முடிக்க முடியுமோ அத்தனையில் மட்டும் அதை வெட்டி எடுத்து, அன்றே பிசிசி போட்டு மூடிவிடுவார்கள். அதற்குள் மழை முந்திக்கொண்டால் நீரை இறைத்துவிட்டு, 12 எம்.எம். கம்பியைக் கையால் குத்திப் பார்க்கலாம். சுலபமாக இறங்கும் வரை உள்ள மண்ணை வழித்தெடுத்து, கூடிய ஆழத்தைப் பிசிசியால்தான் நிரப்ப வேண்டும். வழித்த மண்ணையே திரும்பப் போட்டு மிதிப்பது வேலைக்கு ஆகாது.

பொருட்களில் சிமென்டைப் பற்றிய கவலை எல்லோருக்கும் உண்டு. தரையிலிருந்து அரையடி உயரத்தில் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல், பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல், அடுக்கு முழுவதையும் பாலிதீன் ஷீட்டால் போர்த்திவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது இன்னும் பாதுகாப்பு. மூட்டையைப் பிரித்ததும் கட்டி தட்டுப்பட்டால் விரலால் நசுக்கிப் பார்க்கலாம். பொடியானால் அது மேல் மூட்டையின் பாரத்தால் அமுங்கியது. கல்லாக நின்றால் ஈரம் பட்டு இறுகியது, அதைச் சலித்துக்கூட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

உண்மையில் அதிகம் ஏமாற்றுவது திறந்த வெளியில் கிடக்கும் மணல்தான். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 1 : 1.5 : 3 கலவையில் சுமார் 80 கிலோ மணலும் 150 கிலோ ஜல்லியும் சேரும். 25 லிட்டர் தண்ணீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். மிதமாக நனைந்த மணலில் எடைக்கு 5 சதவீதம் ஈரம் இருக்கும். அது 4 லிட்டர். ஜல்லியின் மேல் 1 சதவீதம் ஒட்டியிருந்தாலும் இன்னொரு ஒன்றரை லிட்டர். கொத்தனார் வழக்கம்போல 25 லிட்டரை ஊற்றினால், மிக்சருக்குள் சேர்வது முப்பது லிட்டரைத் தாண்டுகிறது. இந்த ஐந்தரை லிட்டர் மட்டுமே கான்கிரீட்டின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மழைக்கு மறுநாள் அளந்து ஊற்ற வேண்டியது இருபது லிட்டருக்குக் கொஞ்சம் கீழேதான்.

ஈர மணல் இன்னொரு விதத்திலும் கணக்கைக் கெடுக்கும். மணல்துகள்களைச் சுற்றி நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை விலக்கி வைப்பதால், மணல் உப்பிக் காட்டும். பெட்டி அளவில் போடும்போது பெட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். இதைத் தளத்திலேயே கண்டுபிடிக்கலாம். நேரான கண்ணாடி டம்ளரில் ஈர மணலை அழுத்தாமல் 10 செ.மீ. உயரத்துக்குப் போட்டு, மணல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றிக் கிளறிப் படியவிட வேண்டும். மணல் 8 செ.மீட்டருக்கு இறங்கினால் உப்பியது கால் பங்கு என்று அர்த்தம். அன்றைக்குப் பெட்டிக் கணக்கில் கால் பங்கு மணலைக் கூட்டிப் போட வேண்டும். கூட்டிய மணலோடு வரும் ஈரத்துக்கும் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் மாலையே குவியலுக்குத் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் செங்கல் வைத்துவிட்டால் இந்தக் கணக்குகளில் பாதி தேவைப்படாது. எம்-சாண்டில் உள்ள நைஸ் பொடி மழையில் கரைந்து ஓடுவதும் அதனால் தடுக்கப்படும்.

இனி தளம். 600 சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கனத்தில் ஏழு கன மீட்டர் கான்கிரீட் ஆகும். அதைக் கலக்க ஊற்றும் மொத்தத் தண்ணீர் சுமார் 1,300 லிட்டர். போட்டு முடித்த கையோடு ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்தப் பரப்பில் விழுவது 550 லிட்டருக்கு மேல். நல்ல வேளையாக, அதில் பெரும்பகுதி உள்ளே போகாது. கெட்டியாகப் போட்டு வைப்ரேட்டர் கொடுத்த கான்கிரீட்டின் மேல் அது தேங்கி நிற்கும், அல்லது சிமென்ட் பாலைக் கழுவிக்கொண்டு ஓடும். அதை உள்ளே கலப்பது பெரும்பாலும் மனிதக் கைதான். தண்ணீர் நிற்கும்போதே மட்டப்பலகையை இழுத்து, கரணையால் தேய்த்தால் மேல் அரை அங்குலம் கூழாகிவிடும். பிறகு ஈரத்தை உறிஞ்சட்டும் என்று காய்ந்த சிமென்டைத் தூவித் தேய்ப்பார்கள். அப்போதைக்கு வழவழப்பாகத் தெரியும் அந்தத் தோல், பின்னால் மயிரிழை வெடிப்பு விட்டு, பொரிந்து, அப்பளமாகப் பெயரும்.

செய்ய வேண்டியது வேறு. கான்கிரீட் தொடங்குமுன்னே தளத்தின் நீளத்துக்குத் தார்ப்பாயும், அதை உயர்த்திப் பிடிக்கச் சவுக்குக் கம்புகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சென்னை வானிலை ஆய்வு மையம் மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அதைக் காலையில் ஒரு முறையும், பாதி வேலையில் ஒரு முறையும் பார்த்துக்கொள்ளலாம். தூறல் தொடங்கியதும் மிக்சரை நிறுத்தி, போட்டவரை வைப்ரேட்டர் கொடுத்து, தார்ப்பாயை மூட வேண்டும். தேங்கிய நீரை ஓரத்துக்கு மெதுவாகத் தள்ளி வடித்த பிறகே கரணையைத் தொட வேண்டும்.

மழை நிற்கவில்லை, மீதித் தளத்தை இன்று போட முடியாது என்றால், நிறுத்தும் இடத்தையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்லாபில் அது இரண்டு பீம்களுக்கு நடுவிலுள்ள மூன்றில் ஒரு பகுதிக்குள் இருக்கட்டும். பீமை ஒட்டி வேண்டாம். ஓரத்தைத் தானாகச் சரிய விடாமல் பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, மறுநாள் அந்த முகத்தைக் கொத்தி, ஜல்லி தெரியும்படி சுத்தம் செய்து, நனைத்து, சிமென்ட் பால் பூசிய பிறகுதான் புதுக் கலவை.

எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் கீழே ஒருவர் இருக்க வேண்டும். சென்ட்ரிங் முட்டுகள் ஈர மண்ணில் நின்றால், ஒவ்வொன்றும் கால் அங்குலம், அரை அங்குலமாக இறங்கும். மேலே இருப்பதோ பதினேழு டன்னுக்கு மேற்பட்ட ஈரக் கான்கிரீட். முட்டுக்கு அடியில் அகலமான பலகை போட்டு, சுற்றிலும் நீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டி, மழை நேரத்தில் ஆப்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று வரிசையாகத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை.

மறுநாள் தளத்தை ஓர் ஆணியால் கீறிப் பார்க்கலாம். மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் கவலை இல்லை. ஆணி உழுதுகொண்டு போய், பொடியும் மணலும் கிளம்பினால் மேல்தோல் கெட்டிருக்கிறது. அதைக் கெட்டி தட்டும் வரை கொத்தி எடுத்துவிட்டு மேலே என்ன போடுவது என்பதைப் பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். பழுது ஆழமாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், 28 நாள் கழித்து ரீபவுண்டு ஹேமர் சோதனையும், தேவைப்பட்டால் துளையிட்டு மாதிரி எடுக்கும் சோதனையும் இருக்கின்றன.

மேற்பரப்பு நன்றாக இறுகிய பிறகு, அதாவது ராத்திரி தாண்டிப் பெய்யும் மழை தளத்துக்குக் கெடுதல் செய்வதில்லை. அதை நம்பிப் பாத்தி கட்டாமல் விடுவதில்தான் சிக்கல். மழை விட்ட நடுப்பகலில் வெயில் இரண்டு மணி நேரம் அடித்தாலே தளம் காய்ந்துவிடும். இப்போது வீடுகளுக்குப் பெரும்பாலும் வாங்குவது பிபிசி சிமென்ட். அதற்குக் குறைந்தது பத்து நாள் தொடர்ந்து ஈரம் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456, நடுவே எத்தனை மழை பெய்திருந்தாலும்.