வெட்டுவது கத்தரி, ஒட்டுவது நெல்

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு புதிய நெல் ரகங்களை வெளியிட்டார். ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்த ‘கமலா’. சம்பா மசூரி என்பது நம்ம ஊரில் பிபிடி என்றும் ஆந்திரா பொன்னி என்றும் சொல்லும் அதே நெல்தான். இன்னொன்று எம்.டி.யு. 1010 நெல்லிலிருந்து வந்த ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’. இரண்டும் மரபணுத் திருத்தம் செய்யப்பட்டவை. பி.டி. பருத்தி மாதிரிதானா இது, வேறயா என்று கேட்டால், ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. நெல்லுக்குள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் பதில் தானாக வரும். எம்.டி.யு. 1010 கதையையே எடுத்துக்கொள்வோம்.

நெல்லின் டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்தில் எழுதிய சுமார் 40 கோடி எழுத்துள்ள ஏடு. அதில் ஒரு பகுதிக்கு டி.எஸ்.டி. மரபணு என்று பெயர். இலையில் உள்ள துளைகளை அடக்கி ஆளும் புரதத்தை அது செய்கிறது. அந்தப் புரதம் வேலை செய்யும்வரை துளைகள் தாராளமாகத் திறக்கும், தண்ணீர் ஆவியாகிப் போகும். அதை முடக்கினால் செடி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் விஞ்ஞானிகளின் கணக்கு.

40 கோடி எழுத்தில் அந்த ஓர் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கான கருவி பாக்டீரியாவிடம் ஏற்கெனவே இருந்தது. தன்னைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வை அடையாளம் கண்டு வெட்ட அது வைத்திருந்த ஆயுதம். அதை நாம் விரும்பும் இடத்தில் வெட்ட வைக்கலாம் என்று 2012இல் காட்டிய இம்மானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. கருவியில் இரண்டு உறுப்பு. ஒன்று, கேஸ்9 என்ற வெட்டும் புரதம். மற்றது, 20 எழுத்துள்ள வழிகாட்டி ஆர்.என்.ஏ. துண்டு. வழிகாட்டியின் 20 எழுத்தும் பொருந்தி, அதை ஒட்டி ‘ஏதோ ஓர் எழுத்து, பிறகு ஜி, ஜி’ என்ற மூன்றெழுத்து அடையாளமும் இருந்தால்தான் கேஸ்9 அங்கே உட்காரும். அந்த அடையாளத்துக்கு மூன்று எழுத்து முன்னால், டி.என்.ஏ.வின் இரண்டு இழையையும் வெட்டும். கத்தரியின் வேலை அத்தோடு முடிந்தது.

ஒட்டுவது நெல்லேதான். அறுந்த டி.என்.ஏ. செல்லுக்கு ஆபத்து, அதனால் அவசரமாக இரண்டு முனையையும் இழுத்துச் சேர்க்கும். சரியாகச் சேர்த்துவிட்டால் அதே 20 எழுத்து மறுபடி உருவாகும், கத்தரி மறுபடி வெட்டும். இப்படித் திரும்பத் திரும்ப நடக்கையில் ஒரு தடவை ஓர் எழுத்து விட்டுப்போகும், அல்லது கூடுதலாகச் சேரும். அப்புறம் வழிகாட்டிக்கு அந்த இடம் பொருந்தாது, கத்தரி விலகிவிடும். ஆக, எங்கே வெட்டுவது என்பதைத்தான் மனிதர் முடிவு செய்கிறார். என்ன தழும்பு விழும் என்பது இந்த முறையில் அவர் கையில் இல்லை. பல செடிகளை உண்டாக்கி, எதில் என்ன விழுந்திருக்கிறது என்று படித்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரே எழுத்து போனால் என்ன ஆகும்? செல் டி.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ‘அவன் வயல் நடுவே மரம் உண்டு’ என்பதில் ‘ய’ ஒன்றை எடுத்துவிட்டு, மூன்று மூன்றாகப் படியுங்கள்: ‘அவன் வல்ந டுவேம ரம்உ ண்டு’. அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் உளறல். மரபணு முடங்கிவிடும். ஆனால் ‘நடுவே’ என்ற மூன்றெழுத்தையும் முழுசாக எடுத்தால் ‘அவன் வயல் மரம் உண்டு’ என்று மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.

எம்.டி.யு. 1010இல் நடந்தது இந்த இரண்டாவது வகை. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், டி.எஸ்.டி. மரபணுவுக்குள் இரண்டு இடத்தில் வெட்டினார்கள். நடுவில் இருந்த 366 எழுத்து கழன்று விழுந்தது, நெல் மீதி முனைகளைச் சேர்த்துக்கொண்டது. 366ஐ மூன்றால் வகுத்தால் 122. புரதத்தில் 184ஆவது மணியிலிருந்து 305ஆவது மணி வரை, சரியாக 122 அமினோ அமிலம் இல்லாமல் போனது. அந்தச் செடியின் இலை அகலமானது, துளைகள் குறைந்தன, நாற்றுப் பருவத்தில் உப்பை நன்றாகத் தாங்கியது.

இங்கே ஒரு கேள்வி வரும். கத்தரியை உள்ளே அனுப்பியது எப்படி? அதைச் செய்யும் மரபணுவை அக்ரோபாக்டீரியம் வழியாக நெல் திசுவுக்குள் செலுத்தித்தான். அதாவது முதல் தலைமுறைச் செடி, பி.டி. பருத்தி போல, அந்நிய மரபணு உள்ள செடியேதான். அந்த மரபணு ஓர் இடத்தில் மட்டும் புகுந்திருந்தால், தன் மகரந்தத்தில் விளையும் விதைகளில் நாலில் ஒன்றில் அது இருக்காது. அந்த விதைகளைத் தேடி எடுத்து மற்றதைக் கழிக்கிறார்கள். மிஞ்சுவது தழும்பு மட்டும். இதை வைத்துத்தான் 2022 மார்ச் 30 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அந்நிய டி.என்.ஏ. இல்லாத இந்த வகைப் பயிர்களுக்கு மரபணு மாற்றுப் பயிருக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்தது.

தவறு எங்கே நேரலாம்? 20 எழுத்தை நான்கு எழுத்தால் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி விதமாக எழுதலாம். அதனால் அச்சு அசலாக அதே வரிசை வேறிடத்தில் தற்செயலாக வருவது அரிது. ஆனால் ஓரிரு எழுத்து வேறுபட்டாலும், அது அந்த ஜி, ஜி அடையாளத்துக்குத் தள்ளி இருந்தால், கேஸ்9 கண்டுகொள்ளாமல் வெட்டிவிடுவதுண்டு. அப்படிப் பொருந்தக்கூடிய இடங்களைக் கணினியில் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் சோதிப்பது ஒரு வழி. மொத்த 40 கோடி எழுத்தையும் தாய் ரகத்தோடு ஒப்பிட்டுப் படிப்பது இன்னும் கறாரான வழி. எந்த ரகத்துக்கு எதைச் செய்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

குறி தப்பாவிட்டாலும் கேள்வி தீராது. இதே டி.எஸ்.டி. மரபணு கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்பதிலும் கை வைக்கிறது. இலைத்துளை தண்ணீர் போகும் வழி மட்டுமல்ல, காற்று உள்ளே வரும் வாசலும் அதுதான். வெட்டு துல்லியம் என்பதால் விளைவும் துல்லியம் என்று ஆகிவிடாது. அதை வயல்தான் பல பட்டத்தில் சொல்ல வேண்டும்.

நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய சங்கதி, அடையாளம் காண்பது. வழக்கமான மரபணு மாற்றுச் சோதனை அந்நியத் துண்டைத் தேடும். இங்கே அது இல்லை, ஆகவே ‘இல்லை’ என்றுதான் முடிவு வரும். டி.எஸ்.டி. பகுதியை மட்டும் பெருக்கி அளந்தால், தாய் நெல்லைவிட 366 எழுத்து குட்டையான துண்டு தெரியும். ஆனால் எங்கே பார்ப்பது என்று முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். ஓரெழுத்து மாறிய ரகமாக இருந்தால் இப்படி அளந்தாலும் சாதாரணமாகத் தெரியாது, அந்த இடத்தை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். படித்தாலும், இயற்கையாக நேர்ந்த மாற்றமா, கத்தரி வெட்டா என்று தழும்பு சொல்லாது.

அப்போ மிஞ்சுவது காகிதம்தான். இயற்கைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களும், வாங்க நினைப்பவர்களும், வெளியில் வாங்கும் விதைக்கு ரகத்தின் முழுப்பெயர், தாய் ரகம், விற்றவர், தேதி உள்ள பில்லையும் பையின் சீட்டையும் எடுத்து வையுங்கள். ‘எம்.டி.யு. 1010’ என்று கேட்டால் எம்.டி.யு. 1010 மட்டுமே வர வேண்டும். தாய் ரகத்தின் பெயரைச் சொல்லி இன்னொன்று கைக்கு வந்தால், இலையைப் பார்த்தோ மணியைப் பார்த்தோ நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது. திருத்திய ரகத்தின் பையில் ‘திருத்தியது’ என்று அச்சடிக்க வேண்டும், எந்த மரபணு, எந்த எழுத்துகள் என்பதைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.