84-இலேயே நிற்கிறது

"காலை 5.40. எடை 84.2. நேற்று 83.9. முந்தாநாள் 84.3. இன்றோடு பத்தொன்பது நாள். போதும் இந்த டயட். மத்தியானம் வயிறாரச் சோறு சாப்பிடப் போகிறேன்."

போன வருட டைரியில் ஒரு பக்கத்தின் மேல்பாதி இது. 91 கிலோவில் தொடங்கி மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைத்திருந்தேன். அப்புறம் எடை இயந்திரம் நகரவே இல்லை. ஜிம் பக்கம் போகிறவர்கள் இதை "வெயிட் ஸ்டக் ஆயிடுச்சு" என்பார்கள். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி இரவில், வேறு பேனாவில் எழுதியது. இடையில் நடந்தது ஒரு கணக்கு.

தொடங்கியபோது, உடம்புக்குத் தேவையானதைவிட நாளுக்குச் சுமார் 550 கலோரி குறைவாகச் சாப்பிட்டுவந்தேன். ஆனால் அந்தத் தேவை 91 கிலோ உடம்புக்கானது. ஒரு கிலோ குறைந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 கலோரி வரை செலவும் குறையும். ஏழு கிலோவுக்கு 150 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் உடம்பு கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை அரைப்பட்டினி போட்டு ஆறு மாதம் ஆராய்ந்தார் ஆன்செல் கீஸ். எடையில் கால் பங்கு போனது. நாடித்துடிப்பும் குறைந்தது, எந்நேரமும் குளிர்கிறது என்றார்கள். என் டயட் அவ்வளவு கொடுமையானதல்ல. என் உடம்பின் சிக்கனத்துக்கு 50 என்று எழுதிக்கொண்டேன்.

அப்படியானால் 350 மிச்சம் இருக்க வேண்டுமே? இதைச் சொல்லிப் புலம்பியபோது அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்: "ஏங்க, தோசைக்கு ஊத்துற எண்ணெயைக் கணக்குல எழுதுறீங்களா?"

"ரெண்டு ஸ்பூன்னு எழுதுறேனே."

"முதல் மாசம் ஸ்பூன்ல அளந்து ஊத்தினேன். இப்ப எல்லாம் கண்ணளவுதான்."

அன்று இரவு அவள் வழக்கம்போல் ஊற்ற, நான் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் பிடித்து அளந்தேன். தோசை, பொரியல், தாளிப்பு என்று என் பங்குக்கு நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி கூடுதல். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. ஆக 240 போய்விட்டது. சோற்றைக் கைப்பிடி கைப்பிடியாக எண்ணியவன் எண்ணெயைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

மீதி 110. பத்தொன்பது நாளுக்கு சுமார் 2,100. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி வேண்டும் என்பதால், அத்தனை நாளில் கரைந்திருக்கக்கூடியது கால் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் ஊறுகாயும் சாப்பிட்டால் அந்த உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து மறுநாளே எடையை ஒரு கிலோகூட ஏற்றிக் காட்டும். போதாக்குறைக்கு அந்த மாதம்தான் உட்கார்ந்தெழும் பயிற்சி தொடங்கியிருந்தேன். பழகாத பயிற்சியில் வலிக்கும் தசையும் சில நாள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். மினசோட்டா இளைஞர்களுக்கும் கணுக்கால் வீங்கியது. அந்த நீர் உள்ளே கரைந்ததை எடையில் காட்டாமல் மறைத்தது. என் கால் கிலோவும் அப்படித்தான் ஒளிந்திருந்தது.

கீழ்ப்பாதியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "சோற்றை இதற்கு மேல் குறைப்பதில்லை. எண்ணெய்க்கு மறுபடி ஸ்பூன். காலையில் கழிப்பறை போய்வந்த பின், காபிக்கு முன் எடை பார்ப்பது தொடரும், ஆனால் அன்றைய எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஏழு நாளைக் கூட்டி வகுத்து, போன வாரச் சராசரியோடு ஒப்பிடுவது. வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் பிடிப்பது. நான்கு வாரம் கழித்தே முடிவு."

நான்கு வாரம் என்றதற்குக் காரணம், அதைவிடக் குறைந்த காலத்தில் தண்ணீரையும் கொழுப்பையும் பிரித்துப் பார்ப்பது கடினம். சராசரியும் இடுப்பளவும் இரண்டுமே நான்கு வாரம் அசையாவிட்டால் சாப்பாடும் செலவும் சமமாகிவிட்டன என்று பொருள். அப்போது கொஞ்சம் குறைக்கலாம், அல்லது அந்த எடையிலேயே சில மாதம் இருந்துவிடலாம். காலை விரலால் அமுக்கினால் குழி விழுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். தைராய்டு குறைபாடும் ஸ்டீராய்டு மாத்திரையும் எடையைப் பிடித்துவைக்கும்.

நான் நினைத்த மத்தியானச் சோறு அன்று நடக்கத்தான் செய்தது. இரண்டு கரண்டி கூடுதல். டைரியில் அதையும் எழுதிவைத்திருக்கிறேன். அந்த வாரச் சராசரி 84.1. அடுத்த வாரம் 83.9, பிறகு 83.5, 83.1. நடுவில் ஒரு திங்கட்கிழமை 84.6 காட்டியது. பக்கத்தில் "நேற்று கல்யாணச் சாப்பாடு" என்று மட்டும் இருக்கிறது.