பணத்தைக் காப்பதாகச் சொல்லும் தளமே போலியானால்?

இணையத்தில் விலை உயர்ந்த பொருள்களை வாங்க முனைவோரின் பெரிய பயம், பணம் அனுப்பிய பிறகு பொருள் வராமல் போய்விடுமோ என்பதுதான். அந்தப் பயத்தையே சில மோசடிக்காரர்கள் தூண்டிலாக்கிக்கொள்கிறார்கள். "என்னை நம்ப வேண்டாம், நடுவில் ஒரு நிறுவனம் பணத்தை வைத்திருக்கட்டும்" என்று அவர்களே முன்வந்து சொல்கிறார்கள்.

இப்படி நடுவில் இருந்து பணத்தை வைத்திருக்கும் சேவைக்கு 'எஸ்குரோ' என்று பெயர். வாங்குபவர் பணத்தை அந்த நிறுவனத்திடம் கட்டுவார். பொருள் வந்து சேர்ந்து, அவர் சரிபார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே விற்பவருக்குப் பணம் போகும். முறை நல்லதுதான். ஆனால் அந்த நிறுவனமே மோசடிக்காரர் உருவாக்கிய வெறும் இணையத்தளமாக இருந்தால் என்ன ஆகும்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கிள்ளானில் உள்ள ஒரு சிறு குத்தகையாளர் பழைய மண்வாரி இயந்திரம் ஒன்றைத் தேடுகிறார் என வைத்துக்கொள்வோம். மற்ற இடங்களில் 90,000 ரிங்கிட் சொல்லப்படும் இயந்திரம், ஒரு விளம்பரத்தில் 68,000 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. விற்பவர் கூச்சிங்கில் இருப்பதாகச் சொல்வதால் நேரில் போய்ப் பார்ப்பது எளிதல்ல. தயங்கும் குத்தகையாளருக்கு, விற்பவர் ஓர் எஸ்குரோ தளத்தின் இணைப்பை அனுப்புகிறார்.

தளம் கச்சிதமாக இருக்கிறது. பதிந்துகொண்டதும் பரிவர்த்தனை எண் தருகிறார்கள், மின்னஞ்சல் வருகிறது, கேள்வி கேட்டால் உடனே பதில் கிடைக்கிறது. பணம் கட்டியதும் திரையில் 'தொகை பத்திரமாக உள்ளது' என்று காட்டுகிறது. ஆனால் அந்தத் தொகை எங்கும் வைக்கப்படவில்லை. நேராக மோசடிக்காரரின் கையில் உள்ள கணக்குக்குப் போய்விட்டது. சில நாள்களில் "காப்புறுதிக்காக 6,800 ரிங்கிட் கட்டுங்கள், பின்னர் திருப்பித் தருவோம்" என்று செய்தி வருகிறது. முதலில் கட்டியதை மீட்கும் ஆசையில் பலர் இதையும் கட்டிவிடுவது உண்டு.

விற்பவரும் இதே வலையில் சிக்கலாம். "வாங்குபவர் பணம் கட்டிவிட்டார், பொருளை அனுப்புங்கள்" என்று போலித் தளம் மின்னஞ்சல் அனுப்பும். பொருள் போய்விடும், பணம் வராது.

இதைக் கண்டுபிடிக்கத் தளத்தின் அழகையோ பூட்டுச் சின்னத்தையோ பார்த்துப் பயனில்லை. இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது என்பதை மட்டுமே அந்தப் பூட்டு சொல்லும். எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. முகவரியைத்தான் கவனிக்க வேண்டும். `escrow.com.safe-deal.example` என்ற முகவரியில் முதலில் கண்ணில் படுவது பிரபலமான பெயர். ஆனால் தளத்தின் உண்மையான பெயர், முதல் சாய்கோட்டுக்கு முன் உள்ள கடைசிப் பகுதியான `safe-deal.example` என்பதே.

அந்தப் பெயர் எப்போது பதியப்பட்டது என்பதை `lookup.icann.org` தளத்தில் பார்க்கலாம். 'பல்லாண்டு அனுபவம்' என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனத்தின் பெயர் போன மாதம்தான் பதியப்பட்டது என்றால், அங்கேயே நின்றுவிடலாம். பழைய பெயர் என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. பழைய பெயர்களும் விலைக்குக் கிடைக்கின்றன.

அடுத்து, பணம் கட்டச் சொல்லும் கணக்கு யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். தனிநபர் பெயரோ, தொடர்பில்லாத வேறு வியாபாரப் பெயரோ இருந்தால் அது எஸ்குரோ அல்ல. காவல் துறையின் `semakmule.rmp.gov.my` தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஏற்கெனவே புகார் பதிவான எண்கள் மட்டுமே அங்கே தெரியும். புதிய கணக்குக்கு எதுவும் வராமல் போகலாம். அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லாவற்றிலும் எளிய சோதனை ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுத்து, அதன் உரிமத்தை அதை வழங்கிய அமைப்பின் தளத்திலேயே சரிபாருங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் வழியாகவே வியாபாரத்தை முடிக்கலாம் என்று எதிர்த்தரப்பிடம் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் கட்டணத்தைப் பற்றிப் பேரம் பேசுவார். மோசடிக்காரரோ, தான் சொன்ன தளமே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். இல்லையேல் காணாமல் போவார்.

பணம் போய்விட்டது தெரிந்தால், விற்பவரிடம் வாக்குவாதம் செய்து நேரத்தை இழக்காதீர்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு விரைவாக மாற்றப்படும். உடனே உங்கள் வங்கியை அல்லது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணில் அழையுங்கள். பிறகு உரையாடல்கள், தள முகவரி, பணம் கட்டிய ரசீது ஆகியவற்றை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் 1799 என்ற எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம்.