முதல் பேச்சு யாருக்கு?

பாண்டமிக் பலகை விளையாட்டில் எல்லாரும் ஒரே அணி. பரவும் 4 நோய்களுக்கும் மருந்து கண்டுபிடிக்க வேண்டும். நிலவரம் முழுக்கக் கண்ணெதிரே இருப்பதால், வேகமாகக் கணக்குப் போடுபவர் அடுத்தவரின் 4 செயல்களையும் தானே சொல்லிவிடுவார். ஆர்வம்தான், அகந்தையல்ல. "சும்மா இருங்க" என்றால் முகம் வாடிவிடும்.

தொடங்கும் முன்பே எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி வையுங்கள்: யாருடைய முறையோ அவரே முதலில் பேசுவார்; கேட்டால்தான் யோசனை. யாராவது மறந்து குறுக்கிட்டால், முறைக்குரியவரைப் பார்த்து, "நீ என்னம்மா நினைக்கிறே?" என்று கேளுங்கள். பேச்சு தானே அவரிடம் திரும்பும்.

தொற்று அட்டைகளைத் திருப்பிக் கட்டைகள் வைக்கும் வேலையை அந்த ஆர்வக்காரரிடமே கொடுங்கள், ஆட்டமும் விரையும். கையிலுள்ள அட்டைகளை மறைத்து ஆடுவதும் உதவும், ஆனால் புதியவர்கள் இருந்தால் வேண்டாம்.