மின்சுமையும் சமமாதல் வேண்டும்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலாற்றை மாசுபடுத்தியது. இத்தகைய நீரிலுள்ள கரிம மாசின் அளவை 'வேதி ஆக்சிஜன் தேவை' என்னும் சோதனையால் அறியலாம். நீர் மாதிரியுடன், அளவறிந்த பொட்டாசியம் டைகுரோமேட்டையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் கொதிக்கவைப்பர். மாசை ஆக்சிஜனேற்றம் செய்தது போக எஞ்சிய டைகுரோமேட்டை இரும்பு(II) கரைசலால் தரம் பார்ப்பர். அவ்வினையை மாணவர் ஒருவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்:

Cr₂O₇²⁻ + Fe²⁺ + 14H⁺ → 2Cr³⁺ + Fe³⁺ + 7H₂O

இருபுறமும் அணுக்கள் சமமாக உள்ளன. ஆனால் மின்சுமை இடப்புறம் +14, வலப்புறம் +9. ஆகவே, இச்சமன்பாடு தவறானது. இதனைச் சரிசெய்ய, வினையை இரு அரைவினைகளாகப் பிரித்தல் வேண்டும்.

ஒடுக்க வினையில் முதலில் குரோமியத்தைச் சமன்செய்க. ஏழு ஆக்சிஜனுக்கு ஈடாக வலப்புறம் 7H₂O சேர்க்க. அதன் ஹைட்ரஜனுக்கு ஈடாக இடப்புறம் 14H⁺ சேர்க்க. இப்போது மின்சுமை இடப்புறம் +12, வலப்புறம் +6. எனவே, இடப்புறம் ஆறு எலக்ட்ரான்கள் தேவை:

Cr₂O₇²⁻ + 14H⁺ + 6e⁻ → 2Cr³⁺ + 7H₂O

ஆக்சிஜனேற்ற வினையில் ஓர் இரும்பு அயனி ஓர் எலக்ட்ரானையே இழக்கிறது:

Fe²⁺ → Fe³⁺ + e⁻

இதனை ஆறால் பெருக்கி முன்னதுடன் கூட்டினால் எலக்ட்ரான்கள் நீங்கிவிடும்:

Cr₂O₇²⁻ + 6Fe²⁺ + 14H⁺ → 2Cr³⁺ + 6Fe³⁺ + 7H₂O

இருபுறமும் மின்சுமை +24. முதற்சமன்பாட்டை நம்பிக் கணக்கிட்டால், எஞ்சிய டைகுரோமேட் ஆறு மடங்காகத் தோன்றும். மாசுற்ற நீரும் தூயதெனக் காட்டப்படும்.