‘ரீஃபண்ட் அங்கீகரிக்கப்பட்டது’: சரி, பணம் எப்போது வரும்?

ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 2,450 ரூபாய்ச் சேலைக்கு டெலிவரி கட்டணம் 80 ரூபாயும் சேர்த்து, 2,530 ரூபாயை டெபிட் கார்டில் கட்டினார். நிறம் பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார். கடையிலிருந்து இப்படிச் செய்தி வருகிறது:

“உங்கள் ரீஃபண்ட் அங்கீகரிக்கப்பட்டது. விதிமுறைகளின்படி உரிய கட்டணங்கள் கழிக்கப்பட்டு, 7 வேலை நாட்களில் பணம் வரும். வங்கித் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் மறுநாளே அவர் போன் செய்வார்.

‘அங்கீகரிக்கப்பட்டது’ என்றதும் பணம் கிளம்பிவிட்டதாகத்தான் வாங்கியவர் நினைப்பார். கடைக்குள்ளோ, முதலாளி ‘சரி’ சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். பணத்தை அனுப்புவது அடுத்த வேலை. அனுப்பிய பிறகும் பேமென்ட் கேட்வே, வங்கி என்று கைமாறித்தான் கணக்கில் ஏறும். அந்த 7 நாளை எதிலிருந்து எண்ணுவது? ஜூன் 10 செவ்வாயன்று அனுப்பினால், இடையில் வரும் இரண்டாம் சனியையும் ஞாயிறையும் தள்ளி எண்ணினால் 19ஆம் தேதி ஆகிறது. அந்தக் கணக்கைக் கடைக்காரரே போட்டு, தேதியாகவே எழுதிவிடலாம்.

‘உரிய கட்டணங்கள்’ என்ற சொல்தான் சண்டையின் ஊற்று. தொகையை மறைத்து விதியை முன்னே நிறுத்தினால், எதையோ மழுப்புவதாகத் தோன்றும். ‘பொறுப்பல்ல’ என்பதோ, யாரும் குற்றம் சாட்டுவதற்கு முன்பே கூண்டில் ஏறி நின்று வாதாடுவதுபோல. மாற்றி எழுதினால்:

“வணக்கம். உங்கள் சேலை வந்து சேர்ந்தது. 2,330 ரூபாயை இன்று, ஜூன் 10, நீங்கள் பணம் கட்டிய அதே டெபிட் கார்டுக்கு அனுப்பிவிட்டோம். ஜூன் 19க்குள் கணக்கில் வரும். கட்டியது 2,530. டெலிவரி 80, திரும்ப எடுத்துவந்த கூரியர் 120, ஆக 200 ரூபாய் கழித்திருக்கிறோம். 19ஆம் தேதி தாண்டியும் வராவிட்டால் இந்த எண்ணிலேயே சொல்லுங்கள், வங்கியில் காட்ட ஏ.ஆர்.என். எண் தருகிறோம்.”

கார்டு ரீஃபண்ட் எங்கே நிற்கிறது என்று வங்கி தேடிப் பார்க்க உதவுவது அந்த எண். ‘வங்கியைக் கேளுங்கள்’ என்று வெறுங்கையோடு அனுப்புவதைவிட அது மேல்.

இந்த 200 ரூபாய்க் கழிவை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லாததை எவ்வளவு பதமாக எழுதினாலும் எடுபடாது. சேலை கிழிந்து வந்திருந்தால் கதையே வேறு. தவறு கடையுடையது, 2,530ஐயும் அப்படியே தர வேண்டியதுதான்.

பொருள் கைக்கு வந்தபின் ரொக்கம் கொடுத்தவர் என்றால் பணம் திரும்பிப் போக வந்த வழியே இல்லை. யு.பி.ஐ. ஐ.டி. கேட்கத்தான் வேண்டும். அப்போது, “பணம் பெற பின் நம்பர் தேவையில்லை, நாங்கள் கேட்கவும் மாட்டோம்” என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. ரீஃபண்ட் என்று சொல்லி மோசடிக்காரர்கள் கேட்பது அந்த நம்பரைத்தான்.